திட்டிக்கொண்டே தூக்கியவர்

என்னைத் திட்டுவதுதான் என் அத்தானுக்கு வாய்த்த வைத்தியம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒரு டாக்டரம்மா சொல்லி, என் அக்கா சம்மதித்து, முறைப்படி ஆரம்பித்த வைத்தியம் அது. அதில் மருந்து அவர் வாயில் இருந்தது, கசப்பு மட்டும் என் காதில் இறங்கியது.

அத்தான் பூட்டுக்காரர். கீழே கடை, மேலே வீடு. கடையில் முன்பக்கம் சாவி ராவும் மெஷின், சுவர் நிறையச் சாவிகள், உயிர் போன பூட்டுகள் ஒரு கூடை. பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில்தான் அவருடைய இரும்புகள் இருந்தன. இளவயதில் எடை தூக்கும் போட்டிகளுக்குப் போனவர், ஐம்பதைத் தாண்டியும் விடவில்லை. தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'கிரேன்' என்றுதான் சொல்வார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமை. யார் வீட்டிலாவது பீரோ நகர்த்த வேண்டும் என்றால், பூட்டு ரிப்பேர் என்ற சாக்கில் போய் நகர்த்திக் கொடுத்துவிட்டு வருவார்.

மேலே அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். நான் இரண்டு தெரு தள்ளிப் பல் செட் செய்கிறவன். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நான் பல் செய்து அனுப்புவேன். ஊரில் பாதிப் பேரை முகத்தால் தெரியாது, கடைவாயால் தெரியும்.

பின்மண்டை வலிக்கிறது என்று அத்தான் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எண்ணெய் தேய்த்தால் சரியாகும் என்பது அவர் கட்சி. அக்கா அவரைத் தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். நானும் கூடப் போனேன். டாக்டரம்மா ரத்த அழுத்தக் கைப்பட்டையைச் சுற்றி அளந்தாள், கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடி அளந்தாள், அடுத்த கையிலும் அளந்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்து அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

"உங்க அப்பா அம்மால யாருக்காவது பிரஷர் இருந்ததா?"

"எங்கப்பா டாக்டர்கிட்டயே போனதில்லம்மா" என்றார் அத்தான். அக்கா குறுக்கே புகுந்தாள். "இவரோட அப்பா ஒரு இரும்புப் பெட்டியத் தள்ளிக்கிட்டிருந்தாரு. தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. எந்திரிக்கல. இவரு வயசுதான்."

 அத்தான், உயிரைப் பற்றிக் கேட்கவேண்டிய நேரத்தில், அவருக்கு முக்கியமானதைக் கேட்டார். "அப்போ, வெயிட் தூக்குறத விட்டுடணுமா?"

"விடச் சொல்லலையே. மொதல்ல மாத்திரையில பிரஷர் எறங்கட்டும். அப்புறம் நான் சொல்றப்போ ஆரம்பிங்க. எப்படித் தூக்குவீங்க? அந்த நாற்காலியத் தூக்கிக் காட்டுங்க, பாக்கலாம்."

மர நாற்காலிதான். அத்தான் அதன் முன்னால் போட்டி மேடையில் நிற்பதுபோல நின்றார். மூச்சை நிறைய இழுத்தார், வயிற்றை இறுக்கினார், தொண்டையை அடைத்தார், கழுத்து நரம்பு தடித்தது. சின்ன வயதில் அவருடைய மாஸ்டர் சொல்லிக் கொடுத்த முறை அது. பெரிய எடைக்கு முதுகு வளையாமல் காக்கும். டாக்டரம்மா பாதியிலேயே கையைக் காட்டினாள்.

"போதும், வைங்க. இதுதான் வேண்டாம். மூச்ச அடைச்சுக்கிட்டு முக்குற அந்தச் சில நொடியில பிரஷர் எங்கயோ போய் நிக்கும். நல்ல ரத்தக்குழாயா இருந்தா தாங்கிக்கும். உங்களுது ஏற்கெனவே இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருக்கு. தூக்கும்போது மூச்சு வெளிய போகணும், எறக்கும்போது உள்ள வரணும். எந்த நேரத்துலயும் நிக்கக் கூடாது. தூக்கும்போது ஒரு வார்த்த பேசிப் பாருங்க. பேச வரலைன்னா எடை அதிகம்னு அர்த்தம்."

"தனியா நின்னுக்கிட்டு என்னம்மா பேசுறது?"

"உங்க இஷ்டம். பாட்டுப் பாடுங்க, யாரையாவது திட்டுங்க."

அத்தான் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அன்றைக்கு ஆரம்பித்தது என் தலையெழுத்து.

மாத்திரையில் அழுத்தம் இறங்கிய பிறகு அக்கா பின்னறையைத் திறக்கச் சம்மதித்தாள். அவள் போட்ட நிபந்தனை இரண்டு. தூக்குகிற நேரம் முழுக்க அவர் குரல் மாடிக்குக் கேட்க வேண்டும். அந்த அறைக்கு அவர் எந்தப் பூட்டைப் போட்டாலும் ஒரு சாவி அவளிடம் இருக்க வேண்டும். அத்தான் உடனே தன் கடையிலேயே சாவி வெட்டிக் கொடுத்தார். அவள் அதை ஊசிப் பெட்டியில் போட்டுக்கொண்டாள்.

அத்தான் ஒழுங்காகத்தான் இருந்தார், அதை மறைக்கக் கூடாது. தரையிலிருந்து தம் கட்டித் தூக்குகிற பெரிய பாரத்தை விட்டார். தலைக்கு மேலே நீளக் கம்பியை ஏற்றுவதை விட்டார். தலை கீழே சாய்கிற மாதிரி ஒரு பெஞ்சு இருந்தது, அது துண்டு காயப்போட ஆனது. கம்பியில் தொங்கிக்கொண்டு அசையாமல் இருப்பதும் நின்றது. சின்ன டம்பெல்லை ஒரு கையால் இழுப்பார், அடுத்த கைக்கு மாற்றுவார். ரப்பர் பட்டையைச் சுவரில் மாட்டி நெஞ்சுக்கு நேரே தள்ளுவார். நாற்காலியில் உட்கார்ந்து எழுவார். இன்னும் நாலைந்து முறை தாராளமாக முடியும் என்கிற இடத்திலேயே கீழே வைத்துவிடுவார். மூச்சு சாதாரணமாகிற வரை நடப்பார், பிறகுதான் அடுத்தது. கைப்பிடியைக் கழுத்தை நெரிப்பதுபோல இறுக்கக் கூடாது என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அதையும் கேட்டார்.

தூக்கும்போதெல்லாம் நான். "பல்லு செதுக்குற பயலே!" என்று டம்பெல் மேலே போகும். மூச்சை இழுத்துக்கொண்டே இறக்குவார். "கத்தரிக்கோல வாங்கிட்டுப் போனியே!" மேலே. மூச்சு உள்ளே. "திருப்பித் தந்தியாடா, வீணாப்போனவனே!" மேலே. திட்டுவதற்கு மூச்சு வெளியே போயே ஆக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு யாரும் திட்ட முடியாது. மாடியில் அக்காவின் தையல் மெஷின் அந்தத் திட்டுக்கு ஈடு கொடுத்து ஓடும். குரல் நின்றால் மெஷின் நிற்கும். "என்னங்க?" என்று மேலிருந்து சத்தம் வரும். "தண்ணி குடிக்கிறேன்டி!" என்று கீழிருந்து போகும். மறுபடி மெஷின் ஓடும். நான் நேரில் இருந்தால் திட்டில் ருசி கூடும் என்பதால் டம்பெல்லில் எடைத் தட்டு மாட்டிக் கொடுக்க அடிக்கடி போவேன். கிரேனுக்குக் கீழே நிற்கிறவனுக்குத் தலையில் ஏதாவது விழத்தானே செய்யும்.

அழுத்தம் நன்றாக இறங்கியது. அக்காவின் முகத்தில் களை திரும்பியது. எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. சில நேரம் அவர் கண் பழைய பெரிய தட்டுகள் பக்கம் போகும். குடியை விட்டவன் கடைவாசலைப் பார்ப்பது போன்ற பார்வை. அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை, சொன்னால் அவள் தூக்கமும் போகும்.

பிறகு அந்த இயந்திரம் வந்தது. ஒரு ஜிம்மை இழுத்து மூடினார்கள். அதன் பூட்டைத் திறந்து கொடுக்கப் போன அத்தான், கூலிக்குப் பதில் கால் அழுத்துகிற இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு காலாலும் ஒரு பலகையை மேல்நோக்கித் தள்ளுவது. பலகையின் இரண்டு பக்கமும் தட்டு ஏற்றலாம். வீட்டில் மருமகள் அடியெடுத்து வைப்பதுபோல அதை உள்ளே கொண்டுபோனார்கள்.

"இது என்ன அத்தான், டாக்டரம்மாகிட்ட கேட்டீங்களா?"

"இதுல கேக்க என்னடா இருக்கு? முதுகு சாஞ்சிருக்கு. தலைக்கு மேல ஒண்ணுமில்ல. நாற்காலியில உக்காந்துக்கிட்டுக் கால நீட்டுறது. நோயாளிக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"எடை?"

"காலுக்கு என்னடா எடை, காலு யானை" என்று மணிக்கட்டை நீட்டினார். நாடித் துடிப்பு காட்டுகிற கடிகாரம். "இதப் பாரு. தள்ளி முடிச்சதும் பாத்தேன். எகிறவே இல்ல. உடம்பு சும்மா இருக்குன்னு கடிகாரமே சொல்லுது."

அவர் சாப்பிட்ட மாத்திரைகளில் ஒன்று துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கிற மாத்திரை. அந்தக் கடிகாரம் அவருக்குப் பொய்தான் சொல்லும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நம்பவும் இல்லை, மறுத்துப் பேச விஷயமும் இல்லை. 

அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடுவது குறைந்தது. "கடையில ஆளு வராங்க, நீ உன் வேலையப் பாரு" என்பார். கடைசியாக நான் போன அன்று, ஷெல்பில் போனை நிமிர்த்தி வைத்திருந்தார். அன்றைக்குத் திட்டும் வழக்கத்தைவிட நீளம். சாவி ராவின தூசியில் எனக்குத் தும்மல் வந்தது. "தும்முறியாடா? உன் தும்மல்ல என் பூட்டு துருப்பிடிக்கும்!" என்று ஒரு கூடுதல் ஏச்சு கிடைத்தது. சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அவருடைய இடது கண்ணில் வெள்ளையில் ரத்தம் படர்ந்திருந்தது.

"சாவி ராவும்போது தூள் அடிச்சுதுடா."

பூட்டுக்காரருக்குத் தூள் அடிக்கும், நியாயம்தான். அக்கா கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாள்.

அடுத்து அவருடைய கடைவாய்ப் பல்லின் மேல் மாட்ட நான் செய்து கொடுத்த தொப்பி உடைந்து, இரண்டு துண்டாகக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார்.

"என்ன கடிச்சீங்க?"

"கொட்டைப் பாக்கு."

"நீங்க பாக்கு போடுறதில்லையே."

"ஒருத்தர் கொடுத்தாரு, போட்டேன். உனக்கு எல்லாத்துக்கும் கணக்கு சொல்லணுமா? செஞ்சு குடுடா."

பாக்குக் கடித்தால் ஓரம் சிலும்பும். இது நடுவில் பிளந்திருந்தது. மேலும் கீழும் இருக்கிற பல் ஒன்றை ஒன்று நெரித்தால்தான் அப்படிப் பிளக்கும். என் மேஜை விளக்கில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பல்லைக் கடிக்கிறவன் திட்ட முடியாது. திட்டுகிறவன் பல்லைக் கடிக்க முடியாது. ஆனால் அக்கா தினமும் அவர் குரல் கேட்கிறது என்றுதானே சொல்கிறாள்? எனக்கு அது பிடிபடவில்லை. புதுத் தொப்பியைக் கொடுக்கிற சாக்கில் நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

மாலை வெயில் இன்னும் இருந்தது. கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே போகக் குனிந்தேன், அதற்குள் மாடிப்படியில் நின்று அக்கா கூப்பிட்டாள். "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காரு. மேல வா, டீ போட்டிருக்கேன்."

மேலே போனேன். அவள் மெஷினில் உட்கார்ந்தபடியே டம்ளரைத் தள்ளினாள். தரை வழியாக அத்தான் குரல் வந்துகொண்டிருந்தது. "பல்லு செதுக்குற பயலே!" ஒரு இடைவெளி. "கத்தரிக்கோல வாங்கிட்டுப் போனியே!"

"ஆளு இல்லாதப்பவும் உன்னத்தான் பிடிச்சு உலுக்குறாரு" என்று அக்கா சிரித்தாள். மெஷின் ஓடியது.

"அக்கா, கொஞ்ச நாளா அவரு நல்லா இருக்காரா?"

"ஏன் கேக்குற? குரலு கணீர்னு இருக்கே. முன்னெல்லாம் நடுவுல தண்ணி குடிக்க நிறுத்துவாரு. இப்ப அதுகூட இல்ல."

நான் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனேன். கீழே நான் தும்மினேன்.

என் தும்மல்தான். கடைசியில் ஒரு விசில் மாதிரி இழுக்குமே, அதுவும் சேர்ந்து வந்தது. அதன் பின்னால் அத்தான் குரல்: "தும்முறியாடா? உன் தும்மல்ல என் பூட்டு துருப்பிடிக்கும்!"

அக்காவின் கால் மெஷினில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். என் மூக்கைப் பார்த்தாள். கீழே அத்தான் உற்சாகமாகத் திட்டிக்கொண்டே இருந்தார்.

"என்னங்க?" என்று அவள் கூப்பிட்டாள். அந்தக் குரல் எனக்கு இப்போதும் காதில் நிற்கிறது. கீழிருந்து பதில் வரவில்லை, திட்டு மட்டும் வந்தது. "தட்ட நேரா மாட்டுடா! கண்ணு எங்க இருக்கு, பிடரியிலயா?"

ஊசிப் பெட்டி கவிழ்ந்தது. நூல்கண்டுகள் படியில் எங்களுக்கு முன்னால் உருண்டன. பின்னறை உள்ளே பூட்டியிருந்தது. அவர் கையால் செய்த பூட்டு, நான் இடித்தால் என் தோள்தான் போகும். அக்கா சாவியைத் துளையில் விட முயன்றாள், அது சறுக்கிக்கொண்டே போனது. நான் அவள் கையைப் பிடித்துத் திருப்பினேன்.

அத்தான் இயந்திரத்தில் சாய்ந்து கிடந்தார். தட்டுகள் நான் பார்த்தே இராத அளவுக்கு ஏற்றியிருந்தன. பலகை தடுப்பில் விழுந்து நின்றிருந்தது, அந்த மட்டும் புண்ணியம். வலது கை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கண் திறந்திருந்தது, அவருக்கு எங்களை அடையாளம் தெரிந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், காற்று மட்டும் வந்தது. ஷெல்பில் போன் அவர் குரலில் என்னைச் "சோம்பேறி" என்றது.

"அத நிறுத்து!" என்று அக்கா அலறினாள். நிறுத்தினேன். நிறுத்தியதும் அந்த அறையில் வந்த அமைதி இருக்கிறதே, அதற்கு அந்தத் திட்டே தேவலை என்று இருந்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அவள் தண்ணீர் எடுத்தாள், தடுத்தேன். மாத்திரை ஒன்று கொடுக்கட்டுமா என்றாள், அதையும் தடுத்தேன். விழுங்க முடியாத வாயில் எதுவும் போடக் கூடாது. இருவருமாக அவரைத் தரையில் இறக்கி, தலையைச் சற்று உயர்த்தி ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். கடைசியாக எப்போது நன்றாகப் பேசினார் என்று வண்டியில் வந்தவர்கள் கேட்டார்கள். போனில் ஓடிய குரலை வைத்து அதைச் சொல்ல முடியவில்லை.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்கசிவு. உயிர் தப்பியது. டாக்டரம்மா எங்களை வராந்தாவில் நிறுத்தி எல்லாவற்றையும் கேட்டாள். இயந்திரத்தைச் சொன்னேன், கடிகாரத்தைச் சொன்னேன், கடைசியில் போனில் திட்டைப் பதிந்து ஓடவிட்டதைச் சொன்னேன். 

"உக்காந்து செய்றதுதானேன்னு நெனச்சுட்டாரு. ரெண்டு காலோட பெரிய தசையெல்லாம் சேந்து, அவ்வளவு எடைய, மூச்ச அடைச்சுக்கிட்டு முடியுற வரைக்கும் தள்ளினா, பிரஷர் அதுலதான் ரொம்ப மோசமா ஏறும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. கொஞ்சமா வச்சு, ஒரு ஒரு காலா தள்ளச் சொல்லியிருப்பேன்."

கேட்டிருந்தால் தூக்கவிடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. படுத்திருக்கிற மனிதரை என்ன சொல்வது? என் தும்மல் கேட்டபோதெல்லாம் நான் கீழே நிற்பதாக நினைத்துக்கொண்டு, இத்தனை நாள் அக்கா நம்பியது ஒரு குரலை. அந்தக் குரலையே அவளுக்கு எதிராகக் காவலுக்கு வைத்துவிட்டு உள்ளே மூச்சைப் பிடித்திருக்கிறார். ஊருக்கெல்லாம் பூட்டுத் திறந்தவர், பெண்டாட்டி காதைப் பூட்டிவிட்டார்.

பேச்சு போய்விட்டது. சொல்ல நினைப்பது உள்ளே இருக்கிறது, வார்த்தையாக வெளியே வர வழியில்லை என்றார்கள். வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தது. வீட்டுக்கு வந்து வெகு நாள் கழித்து, ஒருநாள் நான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போடும்போது மேல் துளையைத் தவறவிட்டேன். "போடா" என்றார். தெளிவாக, பழைய குரலில். அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். அடுத்த வார்த்தைக்காக இருவரும் காத்திருந்தோம், வரவில்லை. சிலருக்குத் திட்டு மட்டும் இப்படித் தானாக வெளியே வரும் என்று டாக்டரம்மா பிறகு சொன்னாள். மற்றவை வரலாம், வராமலும் போகலாம்.

இப்போது பின்னறையில் கதவே இல்லை, அக்கா கழற்றச் சொல்லிவிட்டாள். இயந்திரம் பழைய இரும்புக்குப் போயிற்று. அவளுடைய தையல் மெஷின் கீழே வந்து அந்த அறையிலேயே நிற்கிறது, ஆனால் அவர் பயிற்சி செய்யும்போது அவள் தைப்பதில்லை. முதலில் கைப்பட்டையைச் சுற்றி அளக்கிறோம். டாக்டரம்மா சொன்ன அளவுக்கு மேலே காட்டினால் அன்றைக்குக் கிடையாது, எவ்வளவு முறைத்தாலும் கிடையாது. சரியாக இருந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது, ரப்பர் பட்டையை இழுப்பது, அவ்வளவுதான். நான் இடது பக்கம், அவள் வலது பக்கம்.

எழும்போது "போடா" என்பார். உட்காரும்போது மூச்சு உள்ளே போகும். மறுபடி "போடா" என்பார். சில சமயம் உட்கார்ந்தபின் கொஞ்சம் தாமதிக்கிறார். களைப்பா, வேறு ஏதாவதா, முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்போது அக்கா என் பக்கம் திரும்புவதில்லை, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த "போடா" வருகிற வரைக்கும் நாங்கள் இருவரும் மூச்சு விடுவதில்லை.